பேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகளை ஒரே அமுக்கில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பட்டனை அமுக்கினால் பத்து வருஷப் பதிவும் மறைந்துவிடுமா?

மறையாது, பார்க்கிறவர்களின் வட்டம்தான் சுருங்கும். உங்கள் டைம்லைனில் ‘பொது’ என்றோ ‘நண்பர்களின் நண்பர்கள்’ என்றோ போட்டு வைத்த பழைய பதிவுகள் எல்லாம் ஒரே அடியில் ‘நண்பர்கள்’ என்று மாறிவிடும். லைக், கமெண்ட், தேதி எதற்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் கண்ணுக்கு எல்லாம் பழையபடியே இருக்கும். நண்பராக இல்லாதவர் வந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே ‘நான் மட்டும்’ என்று வைத்ததையும், சிலருக்கு மட்டும் என்று தனியாகத் தேர்ந்தெடுத்துப் போட்டதையும் இது தொடாது. அகலமாக இருப்பதைச் சுருக்குமே தவிர, குறுகலாக இருப்பதை நண்பர்கள் அளவுக்கு அகட்டிவிடாது. அந்தப் பயம் வேண்டாம்.

எங்கே இருக்கிறது அந்தப் பட்டன்?

மெனுவில் Settings & privacy, அதற்குள் Settings. அங்கே Audience and visibility என்ற பகுதியில் Posts என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் Limit who can see past posts என்ற வரி வரும், அதற்குள்தான் Limit Past Posts பட்டன். ஒரு முறை அமுக்கியதும் எச்சரித்து, நிச்சயமா என்று கேட்பார்கள். மறுபடி உறுதி செய்தால் வேலை முடிந்தது.

மெனுவின் அடுக்குகளை அவர்கள் அவ்வப்போது மாற்றி அடுக்குவார்கள். தேடி அலுத்தால் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் past posts என்று அடித்துப் பாருங்கள், அதுதான் சுருக்குவழி.

நான் எதையும் பொதுவில் போட்டதாக ஞாபகமே இல்லையே?

ஞாபகம் இல்லாததற்குக் காரணம், பல நேரம் நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பதுதான். 2009 டிசம்பரில் பேஸ்புக் எல்லோருக்கும் ஒரு தனியுரிமைத் திரையைக் காட்டியது. அதில் பல விஷயங்களுக்கு ‘எல்லோரும்’ என்பதே பரிந்துரையாக இருந்தது. வேகவேகமாக ‘சரி’ போட்டுக் கடந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்புறம், 2014 மே மாதம் வரை புதிதாகச் சேர்கிறவரின் முதல் பதிவு, அவராக மாற்றாவிட்டால், பொதுவில்தான் போகும். அந்த மாதம்தான் அதை ‘நண்பர்கள்’ என்று மாற்றினார்கள்.

இதோடு இன்னொரு குணமும் சேர்ந்துகொண்டது. பதிவுப் பெட்டி கடைசியாக நீங்கள் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவசரத்துக்கு ரத்தம் வேண்டும் என்று பொதுவில் போட்டிருப்பீர்கள். அடுத்த வாரம் குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் போடும்போது, அதே ‘பொது’ அப்படியே உட்கார்ந்திருக்கும். யாரும் பார்க்காத ஓரத்தில், சின்னதாக ஓர் உலக உருண்டைப் படமாக.

அந்தப் படங்களை ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஒவ்வொரு பதிவிலும் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும். உலக உருண்டை என்றால் பொது, ஆட்களின் உருவம் என்றால் நண்பர்கள், பூட்டு என்றால் நீங்கள் மட்டும்.

அமுக்கிய பிறகு மனசு மாறினால் திருப்பிக்கொள்ளலாமா?

ஒரே அமுக்கில் முடியாது. போவதற்கு ஒரு பட்டன் உண்டு, திரும்ப வருவதற்கு அப்படி ஒன்று இல்லை. மறுபடி பொதுவாக்க வேண்டியதை ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

காரணம், பேஸ்புக்கில் ‘யார் பார்க்கலாம்’ என்பது அக்கவுண்டின் மேல் போட்ட திரை இல்லை, ஒவ்வொரு பதிவிலும் ஒட்டிய சீட்டு. இந்தப் பட்டன் பழைய சீட்டுகளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுகிறது. முன்னால் அங்கே என்ன எழுதியிருந்தது என்பது உங்களுக்கு எங்கும் காட்டப்படாது.

என் தோழி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் 2012 முதல் மாடித்தோட்டம் பற்றி எழுதி வந்தார். மண் கலப்பது, வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு, மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்று அறுபது பதிவுக்கு மேல் இருக்கும். எல்லாமே பொதுவில். முன்பின் தெரியாதவர்கள்கூட அந்த இணைப்புகளைச் சேமித்து வைத்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். அதே டைம்லைனில் வீட்டுப் படங்கள், பழைய அலுவலகப் புலம்பல்கள், தோழிகளோடு அடித்த கிண்டல் எல்லாம் கலந்து கிடந்தன. அவையும் பொதுவில்தான்.

புது வேலைக்கு நேர்காணல் வந்ததும் அந்தப் புலம்பல்கள் உறுத்தின. ஒரு ராத்திரி Limit Past Posts அமுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். மறுநாளே கேள்விகள் வர ஆரம்பித்தன: “அக்கா, அந்த மண்கலவை பதிவை எடுத்துட்டீங்களா?” எடுக்கவில்லைதான். ஆனால் இணைப்பைச் சொடுக்கியவர்களுக்கு This content isn't available right now என்று மட்டும் வந்தது. ஏழு வருஷ உழைப்பு, நண்பரல்லாதவர்களுக்கு ஒரே நாளில் இல்லாமல் போனது.

திரும்பப் பொதுவாக்க உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. உலக உருண்டை இருந்த இடத்தில் எல்லாம் இப்போது ஆட்களின் உருவம். முதலிலிருந்தே நண்பர்களுக்கு மட்டும் போட்டது எது, நேற்று மாறியது எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்க வழியில்லை. பதிவைத் திறந்து, மூன்று புள்ளியை அமுக்கி, Edit audience போய், Public தேர்ந்தெடுத்து மூட வேண்டும். ஒரு பதிவுக்கு அரை நிமிஷம் போதும். ஆனால் தோட்டப் பதிவை மற்றவற்றுக்கு நடுவே தேடிப் பிடிப்பதுதான் வேலை. இரண்டு சாயங்காலம் போனது. எல்லாம் திரும்பிவிட்டதா என்று அவருக்கு இன்னும் நிச்சயமில்லை.

அப்படியானால் அமுக்கும் முன் என்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?

உங்கள் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளி மெனுவில் View as அமுக்குங்கள். உங்களை அறியாத ஒருவர் வந்தால் என்ன பார்ப்பாரோ அதை அப்படியே காட்டும். 2018 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையால் இந்த வசதியையே நிறுத்தியிருந்தார்கள், அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் காட்சியில் மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டே போங்கள். பொதுவிலேயே இருக்க வேண்டியது என்று தோன்றும் ஒவ்வொரு பதிவின் தேதியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், இணைப்பையும் எடுத்து ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். பத்தோ பதினைந்தோதான் தேறும் என்றால் தயங்காமல் பட்டனை அமுக்கிவிட்டு, குறித்தவற்றை மட்டும் மறுபடி பொதுவாக்குங்கள். இணைப்பு கையில் இருப்பதால் தேட வேண்டியதில்லை, பத்து நிமிஷ வேலை.

குறித்த பட்டியல் நூறைத் தாண்டுகிறதா? அப்போது இந்தப் பட்டன் உங்களுக்கானது இல்லை என்பது என் எண்ணம். உறுத்துகிறவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பதே மேல். 2020 ஜூனில் வந்த Manage Activity வசதி அதற்குத்தான் இருக்கிறது. பல பதிவுகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு மட்டும் தெரிகிற காப்பகத்துக்கோ குப்பைத் தொட்டிக்கோ அனுப்பலாம். தொட்டியில் போட்டவை 30 நாள் அங்கே இருந்துவிட்டுத்தான் அழியும், அதற்குள் மனசு மாறினால் மீட்டுக்கொள்ளலாம். காப்பகத்தில் வைத்ததை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம்.

எல்லாம் சுருக்கிய பிறகும் தெரியாத ஒருவர் என் கல்யாணப் படத்துக்கு லைக் போடுகிறாரே?

பெரும்பாலும் டேக்தான் காரணமாக இருக்கும். பதிவில் ஒருவரை டேக் செய்தால், அவரும் பார்ப்பார், வழக்கமாக அவருடைய நண்பர்களும் பார்ப்பார்கள். பட்டனை அமுக்கினாலும் இது மாறாது. எச்சரிக்கையிலேயே இதை ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 300 நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் நான்கு பேரை டேக் செய்திருக்கிறீர்கள், ஒவ்வொருவருக்கும் 500 நண்பர்கள். நண்பர்களுக்கு மட்டும் என்று நீங்கள் நினைக்கிற அந்தப் படத்தை 2,300 பேர் வரை பார்க்க முடியும். பொதுவான நண்பர்கள் இருந்தால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

டேக் செய்யப்பட்டவர் தன் செட்டிங்ஸில், தன் நண்பர்கள் சேர வேண்டாம் என்று வைத்திருந்தால் அந்த வாசல் அடைபடும். ஆனால் அது அவர் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் எளிய வழி டேக்கை எடுப்பது. எல்லாப் படத்திலும் எடுக்க வேண்டியதில்லை. குழந்தைகள், வீடு, வண்டி எண் தெரிகிற நாலைந்து படங்களில் எடுத்தாலே நிம்மதியாக இருக்கும்.

‘நண்பர்கள்’ என்றால் பதிவு போட்ட அன்றைக்கு இருந்தவர்களா, இன்றைக்கு இருப்பவர்களா?

இன்றைக்கு இருப்பவர்கள். இது பலருக்குப் புரியாத இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பேஸ்புக் பதிவோடு ஆட்களின் பட்டியலைச் சேர்த்து வைப்பதில்லை. ஒருவர் பார்க்க வரும்போது, இந்த நிமிஷம் இவர் நண்பரா என்று கேட்கிறது. ஆமாம் என்றால் திறக்கிறது. நாளைக்கு ஒரு புது மேலாளரின் நட்பு அழைப்பை ஏற்றீர்கள் என்றால், 2011-ல் கல்லூரி நண்பர்களோடு அடித்த லூட்டி முதற்கொண்டு அவருக்கும் திறந்துவிடும். மறுபக்கம், இன்று நட்பிலிருந்து நீக்கப்படுகிறவருக்கு அந்த நிமிஷமே எல்லாம் மூடிவிடும்.

ஆகவே பட்டனை அமுக்குவதைவிட நண்பர் பட்டியலைச் சலிப்பதுதான் பெரிய வேலை. எண்ணூறு பேரில் பாதிப் பேரை யார் என்றே தெரியாது என்றால், பொதுவிலிருந்து நண்பர்களுக்குச் சுருக்கியும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

நீக்க முடியாத ஆட்களும் இருப்பார்கள். நீக்கினால் அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாத சித்தப்பா மாதிரி. அவர்களுக்கென்றே Restricted என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் போட்டவர் பெயருக்கு நண்பராகவே இருப்பார். ஆனால் நீங்கள் பொதுவில் போட்டதும், அவரை டேக் செய்ததும்தான் அவருக்குத் தெரியும். அவரைச் சேர்த்ததாக அறிவிப்பு எதுவும் போகாது. இங்கே ஒரு சின்ன விளைவு உண்டு: அந்தப் பட்டியலில் இருப்பவர் இதுவரை உங்கள் பழைய பொதுப் பதிவுகளையாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பட்டனை அமுக்கிய பிறகு அவையும் போய், பக்கம் திடீரென்று காலியாகத் தெரியும். “என்னப்பா, பேஸ்புக் பக்கமே வர்றதில்லையா?” என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருங்கள்.

யாருக்காவது நோட்டிபிகேஷன் போகுமா?

போகாது.

என் பதிவை ஷேர் செய்தவர்களின் பக்கத்தில் என்ன ஆகும்?

ஷேர் பட்டன் வழியாகச் செய்தது உங்கள் பதிவை நோக்கிய ஜன்னல்தான், நகல் இல்லை. நீங்கள் சுருக்கியதும் உங்கள் நண்பர்களாக இல்லாதவர்களுக்கு அந்த ஜன்னலில் வெற்றுப் பெட்டி தெரியும். ஷேர் செய்தவர் அதன் மேல் எழுதிய சொந்த வரிகள் மட்டும் நிற்கும். ஏதாவது இணையதளம் உங்கள் பதிவைத் தன் பக்கத்தில் பதித்திருந்தால், பொதுப் பதிவை மட்டுமே அப்படிப் பதிக்க முடியும் என்பதால், அதுவும் வேலை செய்யாது.

எழுத்தை நகலெடுத்துத் தன் பதிவாக ஒட்டியவர், ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர், படத்தை இறக்கி வைத்தவர் இவர்களிடம் இருப்பது நகல். அதை இந்தப் பட்டன் ஒன்றும் செய்யாது.

நான் குழுக்களில் எழுதியதும், மற்றவர்கள் பதிவில் போட்ட கமெண்டும்?

அவை மாறாது. குழுவில் எழுதியதற்குக் குழுவின் விதிதான், பொதுக் குழு என்றால் பொது. ஒருவருடைய பொதுப் பதிவின் கீழ் நீங்கள் போட்ட கமெண்டை யார் பார்க்கலாம் என்பது அவர் வைத்ததுதான். நீங்கள் செய்யக்கூடியது கமெண்டை அழிப்பது. Activity log-ல் உங்கள் கமெண்டுகள் வரிசையாக இருக்கும், பழைய அரசியல் சண்டைகளைத் தேடுகிறவர்கள் முதலில் அங்கே போங்கள். நீங்கள் நடத்தும் தனிப் பக்கத்தின் பதிவுகளும் இதில் சேராது.

உங்கள் டைம்லைனில் மற்றவர்கள் எழுதிய பிறந்தநாள் வாழ்த்து போன்றவற்றை யார் பார்க்கலாம் என்பதற்குத் தனியாக வேறொரு செட்டிங் இருக்கிறது. அதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

கவர் படம் இன்னும் எல்லோருக்கும் தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். இப்போது வைத்திருக்கும் கவர் படம் எப்போதுமே பொது, அதைச் சுருக்க வழியில்லை. குடும்பப் படம் வேண்டாம் என்றால் பூவோ வானமோ வைத்துவிடுங்கள். பழைய கவர் படங்களையும் புரொஃபைல் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றலாம். இவற்றைப் பட்டன் பார்த்துக்கொண்டிருக்கும் என்று விட்டுவிடாமல் View as போட்டுச் சரிபார்ப்பது நல்லது.

இனிமேல் போடும் பதிவுகளும் நண்பர்களுக்கு மட்டும்தான் போகுமா?

அது தனி விஷயம். Limit Past Posts பின்னால் இருப்பதை மட்டும் பார்க்கும். அதே Posts பகுதியில் Who can see your future posts என்று வேறொரு வரி இருக்கும், அதை நண்பர்கள் என்று மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் அடுத்த பதிவே பொதுவில் போய் விழலாம்.

மாற்றிய பிறகும் போடும் முன் ஒரு பார்வை பாருங்கள். 2018 மே 18 முதல் 27 வரை ஒரு மென்பொருள் பிழையால், பதிவுப் பெட்டி தானாகவே ‘பொது’வைப் பரிந்துரைத்தது. 1.4 கோடிப் பேரின் அக்கவுண்டுகளை அது பாதித்ததாக பேஸ்புக்கே சொன்னது. அந்த நாட்களில் நீங்கள் ஏதாவது போட்டிருந்தால், பழையதைச் சுருக்கும்போது அதுவும் சேர்ந்து சரியாகிவிடும்.

இன்ஸ்டாகிராம், எக்ஸ் இரண்டிலும் இப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. அங்கே பழையதைச் சுருக்குவது பதிவுக்குப் பதிவு ஒட்டும் சீட்டால் இல்லை, வாசலுக்கு ஒரு கதவுதான். இன்ஸ்டாகிராமில் அக்கவுண்டைப் பிரைவேட் ஆக்கினால், எக்ஸில் Protect your posts போட்டால், முதல் நாளிலிருந்து போட்டது எல்லாம் ஃபாலோயர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். கதவைத் திறந்தால் மறுபடி எல்லாம் பொது. எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம். பேஸ்புக் மாதிரி திரும்ப முடியாத பயம் இல்லை. ஆனால் அறுபது தோட்டப் பதிவை மட்டும் வெளியே விட்டு, மீதியை உள்ளே வைக்கும் வசதியும் இல்லை.

ஏற்கெனவே ஃபாலோ செய்துகொண்டிருப்பவர்கள் கதவை மூடினாலும் உள்ளேயேதான் இருப்பார்கள். வேண்டாதவரை நீங்களாகத்தான் வெளியேற்ற வேண்டும்.

கூகுளில் என் பெயரைத் தேடினால் பழைய பதிவின் முதல் வரி இன்னும் வருகிறதே?

பதிவு சுருங்கிய செய்தி கூகுளுக்கு உடனே போய்ச் சேராது. அது மறுபடி அந்தப் பக்கத்தை வந்து பார்க்கும் வரை பழைய வரியையே காட்டிக்கொண்டிருக்கும். சொடுக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் கூகுளின் Refresh Outdated Content என்ற பக்கத்தில் அந்த இணைப்பைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். பக்கம் உண்மையிலேயே மாறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அதனால் முதலில் பட்டன், பிறகு விண்ணப்பம்.

பேஸ்புக் செட்டிங்ஸிலும் வெளித் தேடுபொறிகள் உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, லாக்-இன் செய்யாத பிரவுசரில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். சொந்த அக்கவுண்டில் இருந்தபடியே பார்த்துவிட்டு “இன்னும் எல்லாம் தெரியுதே” என்று பதறி எனக்கு எழுதியவர்கள் உண்டு, அவர்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரிய வேண்டியதைத்தான்.